ரிஜெக்ட் வால்வைத் திருகும் முன்

பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் அபார்ட்மென்டில் போர் தண்ணீரின் டிடிஎஸ் 3000. ஆர்ஓ பிளான்டுக்குள் மணிக்கு 2000 லிட்டர் போகிறது. 1000 நல்ல தண்ணீர், 1000 ரிஜெக்ட். அதாவது ரெகவரி 50 சதவீதம். "பாதி வீணாகுதே, வால்வைக் கொஞ்சம் மூடுங்க சார்" என்று மீட்டிங் தவறாமல் ஒரு குரல் வரும்.

மூடினால் என்ன ஆகும்? உப்பு எங்கும் போகாது. பாதித் தண்ணீரைப் பிரித்தெடுத்தால் மிச்சத்தின் டிடிஎஸ் சுமார் 6000. முக்கால்வாசியைப் பிரித்தால் ரிஜெக்ட் 500 லிட்டராகக் குறையும், அதன் டிடிஎஸ் 12000 ஆகும்.

ஆயிரம் டிடிஎஸ்ஸுக்கு முக்கால் பார் என்று தோராயமாக வைத்தால், பம்ப் கடக்கவேண்டிய சவ்வூடு அழுத்தம் கடைசி மெம்பரேனில் நாலரை பாரிலிருந்து ஒன்பதாக ஏறும். நம் பம்ப் தருவதே 12 பார். மிஞ்சும் தள்ளுவிசை மூன்றுதான்!

அதைவிட மோசம், சுண்ணாம்புப் படிவு. அது கடைசி மெம்பரேனில்தான் முதலில் பிடிக்கும். நல்ல தண்ணீரின் அளவு குறையும், அதன் டிடிஎஸ் ஏறும். ஆன்டிஸ்கேலன்ட் கொஞ்சம் தாங்கும், எல்லையில்லாமல் அல்ல.

ஆகவே வால்வைத் தொடாதீர்கள். ரிஜெக்ட்டைத் தனித் தொட்டியில் பிடித்துக் கழிப்பறை ஃபிளஷுக்கு விடுங்கள். செடிக்கு வேண்டாம், போருக்குள் திருப்பி விடவே வேண்டாம்.