வீங்கிய மூடிகள்

புளித்தல் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு காரியங்களைக் குறிக்கிறோம். பால் தயிராவதும் புளித்தல்தான். பனையிலிருந்து இறக்கிய பதநீர் சுண்ணாம்பில்லாமல் நின்று கள்ளாவதும் புளித்தல்தான். முதலாவதைச் செய்பவை பாக்டீரியாக்கள். அவை பாலின் சர்க்கரையை அமிலமாக்கிவிட்டு அமைதியாக அடங்கிவிடும். இரண்டாவதைச் செய்வது ஈஸ்ட். அது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கும். இவ்விரண்டும் ஒரே கோப்பைக்குள் சந்தித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் மல்லாங்கிணறில் பார்த்தேன்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் வழியில் இருக்கும் அவ்வூரில் என் பெரியப்பா மகன் ஒரு சிறிய பால்பண்ணை நடத்துகிறார். நாளொன்றுக்கு ஐந்நூறு லிட்டர் பால். அதில் பாதி, நூறு கிராம் கோப்பைகளில் தயிராகக் கடைகளுக்குப் போகிறது. கணக்கும் வசூலும் மதினியின் பொறுப்பு. நான் மதுரையில் நுண்ணுயிரியல் ஆய்வகமொன்றில் வேலை பார்ப்பவன் என்பதால், ஒரு சித்திரை மாதத்தில் மதினி தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, மூடியெல்லாம் பூரி மாதிரி உப்பிக்கிட்டுத் திரும்பி வருது. தொறந்தா சோடா மாதிரி நுரைக்குது. ஒரு கடைக்காரர் ஊசியால குத்திக் காத்தை எறக்கி விக்கலாம்ங்கிறார். உங்க அண்ணன் பதில் சொல்லாம உக்காந்திருக்கார்” என்றார்.

அண்ணனின் மௌனத்துக்குக் காரணம் இருந்தது. கோப்பை நிரப்பும் இயந்திரத்துக்கு வாங்கிய கடன் இன்னும் பாதி நின்றது. திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியும் அந்தத் தவணையிலிருந்து பிடுங்கப்படுவது.

திரும்பி வந்த கோப்பையொன்றைத் திறந்தேன். தயிர் இறுகியே இருந்தது. நடுவில் சில வெடிப்புகள், ஓரத்தில் நுரைக் குமிழிகள். மணம்தான் முக்கியம். அழுகல் வாடை இல்லை. ஆப்ப மாவில் கள் ஊற்றினால் வருமே, அந்த மணம். இதிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. சாணத்தோடும் அழுக்கு நீரோடும் வரும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களும் வாயு உண்டாக்கும்; ஆனால் அவை பால் உறைவதற்குள், அமிலம் ஏறுவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்பவை. தயிரெங்கும் ஊசித்துளைகள் தெரியும், நாற்றமும் இருக்கும். சில உறைகளிலுள்ள பாக்டீரியாக்களே கொஞ்சம் வாயு விடுவதும் உண்டு. அப்படியானால் எல்லாக் கோப்பைகளும் முதல் நாளிலேயே ஒன்றுபோல் இலேசாக உப்பும். இங்கே நல்ல தயிராகப் போனவை நான்கைந்து நாள் கழித்து, சில மட்டும் வீங்கின. அது ஈஸ்டின் நடை.

ஈஸ்டுக்குத் தயிர் ஒரு காலி வீடு. அமிலம் பாக்டீரியாக்களை முடக்கிவிடுகிறது, குளிர் இன்னும் முடக்குகிறது. ஈஸ்ட் இரண்டையும் தாங்கும். ரொட்டி ஈஸ்டால் பாலின் சர்க்கரையான லாக்டோஸை உண்ண முடியாது. ஆனால் க்ளுய்வெரோமைசிஸ் மார்க்சியானஸ் போன்ற சில இனங்கள் அதையே விரும்பி உண்பவை. நூறு கிராம் தயிரில் ஏறத்தாழ நான்கு கிராம் லாக்டோஸ் மிஞ்சியிருக்கும். அதில் இருபதில் ஒரு பங்கு, 0.2 கிராம், முழுக்க நொதித்தால் ஏறக்குறைய 58 மில்லிலிட்டர் கரியமில வாயு பிறக்கும். அதில் பெரும்பகுதி தயிரிலேயே கரைந்துவிடும். நாக்கில் சுருக்கென்று குத்துவது அதுதான். மிச்சம் மூடியை உயர்த்தப் போதும். ஆகவே நாக்கு அறிந்த பிறகே மூடி அறிகிறது. வாயுவை மூடிய பாத்திரத்துக்குள் அடைத்தால் என்ன ஆகும் என்பது பட்டாசு சுற்றும் இந்தப் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டாத பாடம். இங்கே அது மெதுவாக நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். ஒரு கிராம் தயிரில் ஓர் ஈஸ்ட் செல் இருப்பதாகக் கொள்வோம். அது பத்து லட்சமானால் கெடுதல் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இருபது முறை இரட்டிக்க வேண்டும். குளிரில் ஒரு முறை இரட்டிக்க அரை நாள் என்றால் பத்து நாளாகும். வெயிலில் இரண்டு மணி நேரம் என்றால் நாற்பது மணி நேரத்தில் முடிந்துவிடும். மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிர்பெட்டியை அணைக்கும் கடைகளிலிருந்தே அதிகமான கோப்பைகள் திரும்பியது இதனால்தான். “அப்ப தப்பு கடைக்காரர் மேலதானே?” என்றார் அண்ணன். இல்லை. கடையின் சூடு ஈஸ்டை வளர்த்தது; அங்கே கொண்டுபோய் வைத்தது பண்ணை.

பண்ணையில் எங்கே? பாலை 90 டிகிரியில் ஐந்து நிமிடம் காய்ச்சுகிறார்கள். ஈஸ்ட் அதில் பிழைக்காது. எனவே காய்ச்சிய பிறகே அது வந்திருக்க வேண்டும். பிறகு பாலை 43 டிகிரிக்கு ஆற்றி, உறை சேர்த்து, கோப்பையில் நிரப்பி, மூடியை ஒட்டி, வெதுவெதுப்பான அறையில் நான்கைந்து மணி நேரம் உறைய விடுகிறார்கள். நான் சொன்ன ஈஸ்டுக்கு அந்த வெப்பமும் பிடித்தமானதே. மணிக்கு ஒரு முறை இரட்டித்தாலும் குளிர்அறைக்குப் போகுமுன் ஒன்று முப்பதாகிவிடும்.

நிரப்பும் இயந்திரத்துக்கு நான்கு குழாய்கள். ஒவ்வொன்றிலும் முதலில் நிரம்பிய பத்து, நடுவில் பத்து, கடைசியில் பத்து என்று எடுத்து, எண் எழுதி, குளிரில் வைக்காமல் திண்ணையில் அடுக்கினோம். உறையில் குற்றமென்றால் எல்லாம் வீங்கும். கோப்பையிலோ காற்றிலோ என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீங்கும். மூன்றாம் நாள் காலையில் வீங்கியிருந்தவை எல்லாமே இரண்டாம் குழாயினுடையவை; அவற்றிலும் பெரும்பாலானவை முதற் பத்து.

அந்தக் குழாயைக் கழற்றினோம். உள்ளே ரப்பர் வளையத்தில் மயிரிழை போன்ற ஒரு விரிசல், அதில் வெண்ணிறப் பசை, அதே கள் மணம். துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். முட்டை வடிவச் செல்கள், பலவற்றின் பக்கத்தில் சிறு மொட்டுகள். மதினியும் குனிந்து பார்த்தார். “இத்தினியூண்டா?” என்றார். தினமும் வெந்நீர் ஓட்டிக் கழுவியிருக்கிறார்கள்; ஆனால் கழற்றியதில்லை. விரிசலுக்குள் நீர் போகவில்லை. இரவெல்லாம் அங்கே பெருகியது காலையில் முதற் கோப்பைகளோடு வெளியேறியது.

மருந்து எளியது, சலிப்பூட்டுவது. நான்கு வளையங்களையும் மாற்றினோம். தினமும் கழற்றி, ஒரு சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாகக் கழுவி அலசி, மறுநாள் நிரப்புமுன் 85 டிகிரி நீரை இருபது நிமிடம் ஓட்டுவது என்று ஏற்பாடானது. ஒவ்வொரு நாளும் குழாய்க்கு இரண்டு முதற் கோப்பைகள் விற்பனைக்குப் போகாமல் திண்ணையில் காத்திருக்கும். அவை காட்டிக்கொடுக்கும், காக்கா.

ஊசியால் குத்தும் யோசனைக்கு நான் ஒரு செய்தியைத்தான் பதிலாகச் சொன்னேன். 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய தயிர் நிறுவனமான சோபானி, ஐடஹோ மாநிலத்தின் ட்வின் ஃபால்ஸ் ஆலையில் செய்த கோப்பைகள் வீங்கியதால் அவற்றைத் திரும்பப் பெற்றது. காரணம் மியூகர் சிர்சினெல்லாய்டஸ் என்ற பூஞ்சை. காற்றில் நூலாகப் படரும் அது, காற்றற்ற இடத்தில் ஈஸ்டைப் போல் மொட்டுவிட்டு வளரும். அத்தயிரிலிருந்து எடுத்த பூஞ்சை எலிகளில் நோயுண்டாக்க வல்லது என்று ட்யூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ல் எழுதினார்கள். பொதுவாகத் தயிரில் வரும் ஈஸ்ட் ஆரோக்கியமானவர்களைப் படுத்துவதில்லை. ஆனால் உள்ளே இருப்பது எதுவென்று வீங்கிய மூடி சொல்வதில்லை. ஊசி காற்றை மட்டுமே இறக்கும்; இருக்கும் ஒரே எச்சரிக்கையையும் அதுவே அழித்துவிடும்.

அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கடைகளிலிருந்த நான்கு நாள் சரக்கையும் வண்டி அனுப்பித் திரும்ப எடுத்தார். மதினி அந்தத் தொகையைக் கணக்கு நோட்டில் செலவுப் பக்கத்தில் எழுதி, எதிரில் ‘வளையம்’ என்று குறித்துக்கொண்டார்.