கைக்குள் ஒளி, கணினிக்குள் வானம்

சென்ற மாதம் நாங்கள் எடுத்து முடித்த குறும்படத்தைப் பற்றி நண்பர்கள் சிலர் விசாரித்திருந்தார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு செலவாயிற்று?" ஒன்பது நிமிடப் படத்தில் மாயம் நிகழும் ஷாட்கள் பதினொன்று. மொத்தச் செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய். அதில் பெரும்பகுதி வாடகைக் கேமராவுக்கும் சாப்பாட்டுக்கும் போயிற்று. ஆகவே செலவைக் காட்டிலும், எந்த மாயத்தைக் கேமராவின் முன்னால் செய்வது, எதைப் பின்னால் கணினியில் செய்வது என்று நாங்கள் எப்படிப் பிரித்தோம் என்பதை எழுதுவதே பயனுடையது என்று தோன்றுகிறது.

படத்தின் இயக்குநர் எங்கள் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஆய்வு செய்யும் மராத்தித் தோழி. கதை நடப்பது புணேயின் பழைய நகரப் பகுதியில் உள்ள அவருடைய குடும்ப வாடாவில்: நடுமுற்றமும் மரத்தூண்களும் கொண்ட கூட்டுக்குடும்ப வீடு. முதுமையில் தாத்தா நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகிறார். கடைசியில் ஒரு சிறு ஒளியாகப் பேத்தியின் உள்ளங்கையில் தங்குகிறார். அவள் கொல்லைக் கதவைத் திறந்து அவரை விண்மீன்களுக்கிடையே விட்டுவிடுகிறாள். தாத்தாவாக நடித்தவர் தோழியின் சொந்த ஆஜோபா, வயது 81. பேத்தி அடுத்த வீட்டுச் சிறுமி. அந்த வாடா இடிபடப் போகிறது. வீட்டைக் காலிசெய்து சாவியைக் கொடுக்க மூன்று வாரங்களே இருந்தன. எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு இரவுகளும் ஒரு பகலும். ஏதாவது பிசகினால் மறுபடி எடுக்க வீடே இருக்காது.

நான் ஒளியியல் ஆய்வு செய்கிறவன் என்பதால் திட்டத்தாள் என் பொறுப்பாயிற்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான்கு கேள்விகள் மட்டும் எழுதினேன். கேமரா அசைகிறதா? மாயப் பொருள் நடிகர் மீது ஒளியோ நிழலோ வீழ்த்துகிறதா? அதன் விளிம்பைத் தலைமுடி, புகை, துணி போன்ற ஏதாவது கடக்கிறதா? தோற்றால் கையில் மாற்று என்ன? ஷாட் பார்க்க எவ்வளவு பிரம்மாண்டமானது என்ற கேள்வி தாளில் இல்லை. பிரம்மாண்டமான ஒன்று கணினியில் அரைமணி நேரத்தில் முடிந்துவிடலாம். அற்பமாகத் தெரியும் ஒன்று நான்கு வார இறுதிகளைத் தின்றுவிடலாம். கணினி வேலை முழுவதும் ஒரே மடிக்கணினியில், இலவச டாவின்சி ரிசால்வில், ஒரே ஆளால் நடக்கவேண்டியிருந்தது.

உள்ளங்கை ஒளியை முதலில் எல்லோரும் "அது கிராஃபிக்ஸ்" என்று ஒதுக்கினார்கள். இரண்டாம் கேள்வி அதை மறுத்தது. ஒளி சிறுமியின் முகத்தில் விழவேண்டும். அவள் கையை அசைக்கும்போது மூக்கின் நிழல் கன்னத்தில் நகரவேண்டும். விரல்களின் நிழல் பின்சுவரில் பெரிதாக ஓடவேண்டும். இதையெல்லாம் கணினியில் வரைவதென்றால் முகத்தையே மறுபடி உருவாக்கவேண்டும். களத்திலோ, இளமஞ்சள் எல்இடி இரண்டும் ஒரு காசு மின்கலமும் போதும். மூன்று வோல்ட் மின்கலம் அப்படிப்பட்ட எல்இடியை வேறு எந்தச் சுற்றும் இல்லாமல் எரிய வைக்கும். அவற்றை எண்ணெய்க் காகிதத்தில் பொதிந்து, உள்ளங்கையில் கேமராவுக்கு எதிர்ப்பக்கமாக ஒட்டினோம். இதில் ஒரு மறைவான வசதியும் உண்டு. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் மலிவான கருவிகள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டே மங்கலாக்குகின்றன; கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவில் கிடைமட்டப் பட்டைகளாக ஓடும். மின்கலத்தில் நேரடியாக எரியும் எல்இடியில் அந்தத் தொல்லை இல்லை.

கணினிக்கு மிச்சம் இருந்தது, எல்இடியின் உருவத்தை மூடுவதற்கு அதன்மேல் ஒரு மென்மையான ஒளிவட்டத்தை ஒட்டுவது மட்டும். இருட்டில் பளிச்சென்று தெரியும் ஒரே புள்ளி அதுதான் என்பதால், கேமரா கையில் ஆடியபோதுகூட மென்பொருள் அதைத் தவறாமல் பின்தொடர்ந்தது. எச்சரிக்கை ஒன்று: விரல் அந்தப் புள்ளியின் குறுக்கே வந்தால், ஒட்டிய வட்டம் விரலுக்கு மேலே மிதந்து குட்டு உடைந்துவிடும். சிறுமியிடம் சொல்லி அதைத் தவிர்த்தோம். அவள் கையை முழுவதுமாக மூடும் ஷாட்டில் வட்டமே தேவைப்படவில்லை. மூடிய விரல்களின் ஊடே வெளிச்சம் கசிந்து சதை செவ்வொளியாகச் சுடர்ந்தது. திரையில் அதைப் பார்த்தவர்கள் அந்த ஷாட்டைத்தான் கணினி வேலை என்று நினைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறானது தாத்தா பாதி ஒளி ஊடுருவும் உருவமாக முற்றத்தில் நிற்கும் ஷாட். இதற்குப் புகழ்பெற்ற மேடைத் தந்திரம் ஒன்று உண்டு. 1862இல் லண்டனில் பெப்பர் என்பவர் நிகழ்த்திக் காட்டிப் புகழடைந்ததால் அது 'பெப்பரின் ஆவி' எனப்படுகிறது: சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடியில், பக்கவாட்டில் மறைந்து நிற்கும் ஆளின் பிம்பம் மேடையில் நடமாடும். இயக்குநருக்கு அதில் தீராத ஆசை. ஆனால் ஆள் உயரக் கண்ணாடியை வாடாவின் குறுகிய படிகளில் ஏற்றுவதும், 81 வயதுக்காரரை அதன் அருகே இருட்டில் நிறுத்துவதும் ஒருபுறமிருக்க, இந்த ஷாட்டில் கேமரா அசையவே இல்லை. அசையாத கேமராவுக்குக் கண்ணாடி எதற்கு? முக்காலியை மணல்மூட்டையால் அழுத்தினோம். குவியம், வெளிச்ச அளவு, நிறச்சமநிலை எல்லாவற்றையும் கைமுறையில் பூட்டினோம். காலி முற்றத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தோம். பிறகு ஆஜோபாவை நிற்கவைத்து ஒரு நிமிடம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலடுக்கைப் பாதியாகக் குறைத்தால் வேலை முடிந்தது. அவர் நிஜமாகவே அங்கு நின்றதால் அவருடைய நிழலும் பாதியாகத் தரையில் விழுந்தது. இதில் கெடக்கூடியது வெளிச்சம்தான். இரு பதிவுகளுக்கிடையே மேகம் நகர்ந்தாலோ பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தாலோ முற்றம் முழுவதும் லேசாக மினுங்கும். எனவே இரண்டையும் இடைவெளியின்றி, இரவில், எங்கள் விளக்குகளில் மட்டும் எடுத்தோம்.

இந்தக் காலி இடப் பதிவு பின்னர் எங்கள் காப்பீடாகவே ஆகிவிட்டது. களத் தந்திரமாகத் தீர்மானித்த ஷாட்களுக்கும், கேமரா நிலையாக இருந்த இடங்களிலெல்லாம், ஆளில்லாத பத்து விநாடிகளைத் தனியே எடுத்துவைத்தோம். அந்தரத்தில் எழும் செம்பைப் பின்னாலிருந்து தாங்கிய கம்பி ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. காலிப் பதிவிலிருந்து சுவரை எடுத்து அதன்மேல் ஒட்டியதும் மறைந்தது.

மிக அதிக நேரம் விவாதித்தது தாத்தா சாண் உயரத்தில் மேசை மேல் அமர்ந்து பேத்தியோடு பேசும் ஷாட். பச்சைத் துணியின் முன் தனியே எடுத்துச் சிறிதாக்கி ஒட்டலாம் என்றார் ஒளிப்பதிவாளர். மூன்றாம் கேள்வி தடுத்தது: ஆஜோபாவின் தலையில் பஞ்சுபோல் நரைத்த மெல்லிய முடி. பச்சை நிறம் அதில் பட்டுத் தெறிக்கும். வெட்டியெடுத்தால் தலை மழித்ததுபோல் ஆகும். எனவே தூரத்தையே தந்திரமாக்கினோம். கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் சிறுமியும் மேசையும். ஆறு மீட்டரில் ஆஜோபா. ஆறு மடங்கு தள்ளியிருப்பதால் அவர் ஆறில் ஒரு பங்காகத் தெரிவார்: நின்றால் ஒரு சாணுக்குச் சற்று மேல், உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒரு சாண்.

ஒரு மீட்டரும் ஆறு மீட்டரும் ஒரே கூர்மையில் தெரிந்தால்தான் கண் ஏமாறும்; தூரத்தில் இருப்பவர் சிறிது மங்கினாலும் குட்டு வெளிப்படும். சாதாரணக் கேமராவோடு வரும் லென்ஸை அதன் அகலக் கோணத்தில், 18 மில்லிமீட்டரில் வைத்து, துளையை எஃப் 11க்குச் சுருக்கி, ஒன்றரை மீட்டரில் குவித்தால் முக்கால் மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே போதிய தெளிவோடு இருக்கும். ஆனால் அவ்வளவு சிறிய துளைக்கு நிறைய வெளிச்சம் வேண்டும். எங்கள் விளக்குகளுக்கு அந்த வலு இல்லை. ஆகவே எங்களுக்குக் கிடைத்த ஒரே பகலில் மொட்டைமாடிக்குப் போனோம். ஒரே சூரியன் இருவர்மீதும் ஒரே கோணத்தில் விழுந்ததால் நிழல்களும் ஒத்துப்போயின.

வெயிலில் ஆஜோபாவைக் காக்கவைக்க முடியாது. அவர் உயரமுள்ள நண்பர் ஒருவரை முதலில் உட்காரவைத்து, அவருடைய இருக்கை மேசை விளிம்போடு கேமராவில் ஒரே கோடாகும் வரை முக்காலியை விரல்கடை விரல்கடையாகத் தாழ்த்தினோம். அதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் கால்கள் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் இராது என்பதால் அங்கே ஒரு பித்தளைக் கிண்ணத்தை வைத்து மறைத்தோம். பிறகு ஆஜோபா வந்து அமர்ந்து பன்னிரண்டு நிமிடங்களில் இறங்கிவிட்டார். கடினமானது பார்வைதான். சிறுமி நிஜத் தாத்தாவைப் பார்த்தால், திரையில் அவள் அவரைத் தாண்டி எங்கோ பார்ப்பதாகத் தெரியும். கிண்ணத்துக்குப் பக்கத்தில், மேசைமேல் கேமராவுக்குத் தெரியாதபடி ஒட்டிய பொட்டு ஒன்றைப் பார்த்து அவள் பேசினாள். அவரும் அப்படியே, தனக்கு முன் காற்றில் இருப்பதாகக் கற்பித்துக்கொண்ட பெரிய முகத்தை நோக்கிப் பேசினார். ஆறு மீட்டருக்கு அப்பாலிருந்து "பாளா, ஜேவலீஸ் கா?" என்று அவர் கேட்டது ஒலிப்பதிவில் இல்லை, பின்னர் அறைக்குள் தனியே பதிவுசெய்தோம்.

விண்மீன் கதவில் பச்சைத் துணியையே தவிர்த்தோம். கதவுக்கு வெளியே கருந்துணி கட்டினோம். சிறுமியின் முடியும் கருப்பு, வானமும் கருப்பு. மீன்களைக் கணினியில் சேர்க்கும்போது அவள் உருவத்தைச் சுற்றி முடிக்கு அப்பாலும் சில புள்ளிகள் விலகித் தோராயமாக ஒரு வேலி வரைந்தால் போதும். அந்த இடைவெளியில் விண்மீன் இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை, ஏனெனில் வானில் பெரும்பகுதி வெற்றிடம்தான். அவள் தோளில் விழவேண்டிய நீல ஒளியை மட்டும் நிஜ விளக்கால் தந்தோம்.

பதினோராவது ஷாட்டில், அசையும் கேமரா சுற்றிவர, தாத்தா புகையாகக் கரையவேண்டும். நான்கு கேள்விகளிலும் அது தோற்றது. இயக்குநர் ஒரு மாலை முழுவதும் என்னோடு பேசவில்லை. மறுநாள் அவரே திரைக்கதையில் அந்த வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்: ஆஜோபாவின் ஆடும் நாற்காலி காலியாக ஆடுகிறது, மெல்ல நிற்கிறது. நாற்காலியின் பின்காலில் கட்டிய கறுப்பு நூல் தூணுக்குப் பின்னால் போகிறது. அதன் நுனியைப் பிடித்து அமர்ந்திருந்தவர் ஆஜோபா.