கல்லாவில் மிஞ்சியதை விற்பனை என்று எழுதினேன்

கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பொய்க் காரணம் சொல்லி அனுப்பினேன். சொன்னபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருந்தது, நான் பார்க்கவில்லை. அதனால் அதைப் பொய் என்றே எழுதுகிறேன்.

கொடைக்கானலில் என்னுடையது சின்ன ஹோம் மேட் சாக்லேட் கடை. கட்டிச் சாக்லேட்டைக் கீழிருந்து வரவழைத்து, உருக்கி, முந்திரி, பாதாம், திராட்சை சேர்த்து அச்சில் ஊற்றி விற்கிறோம். கிலோ 800 ரூபாய். வேலைக்கு இரண்டு பெண்கள், ஆளுக்கு நாள் கூலி 450. தினமும் இரவு கல்லாவை எண்ணி, ஃபோனில் வந்த பணத்தையும் கூட்டி, நோட்டில் ‘இன்றைய விற்பனை’ என்று ஒரு தொகை எழுதுவேன். என் கணக்கு வழக்கு அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நான் பழனியாண்டவர் கல்லூரியில் பி.காம். படித்தவன். சில்லறை ரொக்க ஏடு என்பதைப் பரீட்சைக்காகக் கட்டம் கட்டமாகப் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, பத்துக்குப் பதினைந்து கடைக்கு எதற்கு என்று ஒரு திமிர். வரி பார்ப்பவர் வேறு, என்னைப் போன்ற சிறு வியாபாரி முழுக் கணக்கு எழுதத் தேவையில்லை, ரொக்க விற்பனையில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும் என்றார். அவர் சொன்னது வரிக்கு. நான் அதை என் சோம்பலுக்கு எடுத்துக்கொண்டேன்.

2024 மே 7-ம் தேதி முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வர இ-பாஸ் கட்டாயமானது. எங்கள் தெரு முழுக்க ஒரே பேச்சு: இனி யாவாரம் போச்சு. எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தில் இரண்டு காரியம் செய்தேன். டூரிஸ்ட் வேன் டிரைவர்களுக்குக் கொடுக்கும் கமிஷனைக் கூட்டினேன். ருசி பார்க்க நீட்டும் தட்டைப் பெரிதாக்கினேன். வருகிற ஆளை விட்டுவிடக் கூடாது என்ற நினைப்பு.

சீசன் முடிந்து நோட்டைப் புரட்டினால், போன வருஷம் இதே நாட்களில் 7,700 என்று இருந்த இடத்தில் இந்த வருஷம் 7,200. ஒரு நாளைக்கு 500 ரூபாய் குறைகிறது. ஒரு கூலி 450. கூட்டல் கழித்தல் எனக்கு அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இருவரில் பின்னால் வந்தவளைக் கூப்பிட்டு, “இ-பாஸ் போட்டதுல யாவாரம் படுத்துப்போச்சும்மா, ரெண்டு பேரை வச்சுச் சமாளிக்க முடியல” என்றேன். அவள் வாதாடவில்லை. “சரிங்கண்ணே” என்றாள். அந்த மாதம் அவள் மகனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வாரக் கூலிக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

உண்மை வெளிப்பட்டது சரக்கு பில்லில். கட்டிச் சாக்லேட் தருகிறவர் பாக்கி கேட்டு அனுப்பிய சீட்டில் மாதவாரியாக எடை இருந்தது. போன வருஷம் வாங்கிய எடையும் இந்த வருஷ எடையும் ஏறக்குறைய ஒன்று. கடையில் சரக்கு தேங்கவும் இல்லை. யாவாரம் படுத்திருந்தால் எடையல்லவா முதலில் குறைந்திருக்க வேண்டும்? நாள் ஒன்றுக்குப் பத்துக் கிலோ கடையை விட்டுப் போயிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 8,000 வர வேண்டும். என் நோட்டில் 7,200.

தப்பு நோட்டிலேயே இருந்தது. பகல் முழுக்கக் கல்லாவிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, இரவில் மிஞ்சியதை எண்ணி அதற்கு ‘விற்பனை’ என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்படி எழுதினால் செலவு எங்கேயும் செலவாகத் தெரியாது. விற்பனை குறைந்த மாதிரிதான் தெரியும். செலவு கூடக் கூட, ஊருக்கு ஆள் வரவில்லை என்று தோன்றும்.

பிறகு ஒரு வாரம் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். நாள் சராசரி இது: டிரைவர் கமிஷன் 300. ருசித் தட்டில் போனது முந்நூறு கிராம், விற்கிற விலையில் 240. வந்தவர் போனவருக்கு வாங்கித் தந்த டீ 120. பஸ்ஸில் வரும் பெட்டியை இறக்கிக் கொண்டுவர 80. நானே கல்லாவில் கைவிட்டு எடுத்தது 60. சேர்த்தால் அந்த 800. திருட்டு இல்லை, நஷ்டம் இல்லை. எல்லாம் என் கையால் கொடுத்தவை. அந்த டீயைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பாதி வியாபாரத்துக்காக வாங்கியது அல்ல. நாலு பேர் என்னை முதலாளி என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது படித்ததைச் செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் ஒரு தகர டப்பாவில் 4,000 ரூபாய் வைக்கிறேன். சில்லறைச் செலவு அதிலிருந்து மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. டிரைவர் பில் தரமாட்டார். அதனால் வண்டி நம்பரின் கடைசி நாலு இலக்கம், அவர் கூட்டிவந்தவர்கள் வாங்கிய தொகை, கொடுத்த கமிஷன் மூன்றையும் நானே எழுதிவிடுகிறேன். எந்த நேரத்தில் திறந்து பார்த்தாலும் சீட்டுகளின் கூட்டுத்தொகையும் மிச்சப் பணமும் சேர்ந்து 4,000 இருக்க வேண்டும். அடுத்த திங்களன்று சீட்டில் உள்ள தொகையை மட்டும் திரும்பப் போட்டு நிரப்புகிறேன். ருசித் தட்டுக்குக் காலையில் இருநூறு கிராம் நிறுத்து வைப்பேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். கல்லாவிலிருந்து பகலில் எதுவும் வெளியே போகாது. அதனால் இரவு எண்ணுவது நிஜமான விற்பனை. மாதக் கடைசியில் சரக்கு எடையோடு ஒத்துப் பார்க்கிறேன்.

இதிலும் நான் யோக்கியனாக ஆரம்பிக்கவில்லை. முதல் வாரமே டப்பாவில் 260 ரூபாய் குறைந்தது. என் பார்வை மிச்சமிருந்த அந்த ஒரு பெண்ணின் மேல்தான் போனது. வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் மனதில் கேட்டுவிட்டேன். ராத்திரி வீட்டில், “பெட்ரோல் போட்டீங்களே, அந்தக் காசு ஏது?” என்று என் மனைவி கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சீட்டு எழுதாமல் எடுத்தவன் நான்.

டிரைவர் கமிஷனை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் வண்டி அடுத்த கடையில் நிற்கும். ஆனால் பழைய விகிதத்துக்கே இறக்கிவிட்டேன். அதற்காக எந்த வண்டியும் நிற்காமல் போகவில்லை. கூட்டியதே வீண் என்று ஆகிவிட்டது.

நான் அனுப்பிவிட்ட பெண் இப்போது பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறாள். விடியும் முன்னே ஜீப் ஏற வேண்டும். மழை நாளில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. கூப்பிடப் போனேன். “அப்ப யாவாரம் இல்லேன்னீங்களேண்ணே. நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன், அண்ணன் மேல தப்பில்லேன்னு” என்றாள். வரவில்லை. அவளிடம் பில்லைப் பற்றியோ டப்பாவைப் பற்றியோ நான் வாய் திறக்கவில்லை. இப்போது கொஞ்சம் யாவாரம் தேறியிருக்கிறது என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டுத் திரும்பினேன். முதல் பொய்யாவது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது.