சித்திரைப் புழுதி

வருடப் பிறப்பன்று காலையில் தீர்மானம் பேசுவது எங்கள் ஊர் வழக்கமல்ல. பெரியவர்கள் சொல்வது, "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்."

கோடை மழை பெய்ததும் உழவேண்டும். பிடித்தால் உருண்டு, விட்டால் உதிர்வது சரியான பதம். கொழுவில் ஒட்டினால் ஈரம் அதிகம். பாளமாகப் பெயர்ந்தால் காய்ந்துவிட்டது. உழுத மண்ணில் கூட்டுப்புழுக்கள் மேலே வரும். வெயிலும் மைனாக்களும் அவற்றைத் தீர்க்கும். கோரைக்கிழங்கு காயும். அடுத்த மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். விதைப்பு என்னவோ ஆடியில்தான். அதுவரை மூன்று மாதம் வயலில் பச்சையே தெரியாது. பார்ப்பவர்களுக்கு அது வெறும் புழுதி.

வேலை போய், ஏதோ படித்துக்கொண்டு வீட்டிலிருக்கும் என் மகனிடம் இவ்வருடம் "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதைத்தான் சொன்னேன். "ஆடி வரட்டும்ப்பா" என்றான்.