அட்டையை அடுக்கச் சொல்லுங்கள், காரணத்தைக் கேளுங்கள்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலியில் அலை உயரம், காற்று, மீன் கூடும் இடம், எல்லை எச்சரிக்கை, சந்தை விலை, அரசுத் திட்டங்கள் எல்லாம் உண்டு. இவ்வளவும் ஒரே கைபேசிக்குள் வந்தால் எதை எந்த மெனுவில் வைப்பது? இதே மாதிரி ஒரு செயலிக்கு விடை தேடித்தான் தங்கச்சிமடத்தில் அட்டைகளோடு உட்கார்ந்தேன்.

ஒரு அட்டையில் ஒரு வசதியின் பெயர். முப்பது, நாற்பது அட்டை போதும். பின்பக்கம் எண் போட்டு, ஒவ்வொரு மீனவருக்கும் புதிதாகக் கலைத்துக் கொடுக்க வேண்டும். சேர்ந்திருக்க வேண்டியவற்றை அவரே குவியலாக்கி, குவியலுக்குப் பெயரும் அவரே வைப்பார். எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. ‘வானிலைச் செய்தி’, ‘அரசுச் செய்தி’ என்று எழுதினால், ‘செய்தி’ என்ற சொல்லைப் பார்த்தே இரண்டையும் ஒன்றாக வைத்துவிடுவார்கள். ‘நாளைய காற்று’, ‘டீசல் மானியம்’ என்று எழுதினால்தான் பொருளைப் பார்த்து அடுக்குவார்கள்.

காற்று, அலை, புயல் மூன்றும் ‘வானிலை’க்குள் போகும் என்றுதான் எந்த வடிவமைப்பாளரும் நினைப்பார். நாட்டுப்படகு அண்ணன் ஒருவர் நாளைய காற்றையும் அலை உயரத்தையும் ஐஸ் விலையோடு சேர்த்தார். ஏன் என்று கேட்டேன். “கெளம்புறதுக்கு முன்னாடி பாக்குறது தம்பி இதெல்லாம். உள்ள போனபெறகு தெரிஞ்சு என்ன செய்ய?” அவருடைய குவியல்கள் மூன்று: கிளம்புமுன், கடலில், கரையில். தகவல் எந்தத் துறையிலிருந்து வருகிறது என்பது அவர் கணக்கிலேயே இல்லை. டேப் பெயர்களுக்கு இதைவிட நல்ல சொற்கள் எனக்கு வாய்த்திருக்காது. திரையடியில் மூன்று முதல் ஐந்து டேப்தான் வைக்கலாம் என்பதால் எண்ணிக்கையும் பொருந்துகிறது.

பிறகு கணக்கு. எந்த இரண்டு அட்டையை எத்தனை பேர் சேர்த்தார்கள் என்று கட்டம் போட்டு எழுதுவோம். பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் சேர்த்தால் அந்த ஜோடியைப் பிரிக்கக் கூடாது. ஏழெட்டுப் பேர் என்றால், அடுக்கும்போது அவர்கள் சொன்ன காரணங்களின் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்க வேண்டும். ‘எல்லை எச்சரிக்கை’ அப்படிப்பட்ட அட்டை. சிலர் அதை வரைபடத்தோடு வைப்பார்கள், சிலர் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணோடு. இரண்டும் சரிதான். கச்சத்தீவுப் பக்கம் படகு போகும்போது யாரும் மெனுவைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அது தானாக ஒலிக்க வேண்டிய வசதி. மெனுவில் அதற்கு இடம் தேடுவதே வீண் வேலை.

விசைப்படகுக்காரர்களின் அட்டைகளைத் தனியாக எண்ணுங்கள். கடலுக்குப் போக டோக்கன் வாங்குகிறவரையும் நாட்டுப்படகுக்காரரையும் ஒரே கட்டத்தில் கலந்தால், இருவருக்கும் பொருந்தாத மெனுதான் மிஞ்சும்.

கடைசியில், டேப் பெயர்களை மட்டும் தாளில் எழுதி, “நண்டு விலையை எங்கே தேடுவீங்க?” என்று கேட்டு, விரல் முதலில் எங்கே போகிறது என்று பாருங்கள். அதற்குப் புதிய ஆட்களைக் கூப்பிடுங்கள். அட்டை அடுக்கியவர்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும்.