அம்மாவின் காதில் ஜிமிக்கி

எங்கள் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம். 1963-ல் ஏதோ ஒரு அரசாங்கக் காகிதத்துக்காக ஸ்டூடியோவில் எடுத்தது. அஞ்சலட்டை அளவு, கறுப்பு வெள்ளை. அதில் அம்மாவின் காதில் தோடு இல்லை, துளை தூர்ந்துவிடாமலிருக்க ஒரு வேப்பங்குச்சி இருக்கிறது. தோடும் ஜிமிக்கியும் அப்போது அடகுக் கடையில் இருந்தன. என் பள்ளிக்கூடச் செலவுக்காக வைத்தது. இரண்டு வருடம் கழித்து மீட்டார்கள், ஆனால் அம்மா மறுபடி படம் எடுத்துக்கொள்ளவேயில்லை.

அந்தத் தோடும் ஜிமிக்கியும் இன்று என் அக்காவின் காதில் இருக்கின்றன. போன வருடம் அக்கா சொன்னாள்: "தம்பி, கூடத்தில் மாட்டுகிற படத்திலாவது அம்மா காதில் அதைப் போட்டுவிடு. குச்சியோடு பார்க்க எனக்கு ஆகவில்லை."

ஒரு கடையில் கொடுத்தோம். வந்த படத்தைப் பார்த்து அக்கா, "இது அம்மா இல்லை, ஜவுளிக்கடை பொம்மை" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எது தப்பு என்று உட்கார்ந்து பார்த்தேன். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் ஓவிய ஆசிரியர் எதை வரையச் சொன்னாலும் முதலில் நூலில் கட்டிய ஈயக் குண்டு ஒன்றைத் தொங்கவிடுவார். 'ஃபில் ஆ ப்ளோம்' என்பார்; நம் கொத்தனார்களின் தூக்குக்குண்டுதான். அந்தக் குண்டு நினைவுக்கு வந்ததும் முதல் தப்பு தெரிந்துவிட்டது.

அம்மா படத்தில் தலையைச் சற்றே சாய்த்திருக்கிறார், பத்து டிகிரி இருக்கும். கடைக்காரர் ஜிமிக்கியையும் அதே பத்து டிகிரி சாய்த்து ஒட்டியிருந்தார். தோடு காதோடு ஒட்டியது, ஆகவே அது காதுமடலோடு சாயும். ஜிமிக்கி தொங்குவது, தலை எப்படிச் சாய்ந்தாலும் அது பூமியைப் பார்த்துத்தான் தொங்கும். இரண்டையும் ஒரே துண்டாக வெட்டி ஒட்டினால் முகம் பொம்மையாகிவிடுகிறது.

பேரனின் கணினியில் கிம்ப் இருந்தது. நானே செய்வதென்று இறங்கினேன். முதல் வேலை, நேர்க்கோடு எது என்று கண்டுபிடிப்பது. படத்தின் ஓரத்தை நம்பக்கூடாது, பழைய படங்களைக் கோணலாக நறுக்கியிருப்பார்கள். அம்மாவுக்குப் பின்னால் ஸ்டூடியோத் தூண் ஒன்று இருந்தது. அதுவே இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது. படம் முழுவதையும் திருப்பித் தூணை நிமிர்த்திய பிறகுதான் மற்றது.

அடுத்து அளவு. கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் முகம் திரும்பியிருக்கும்போது ஏமாந்துவிடுவோம், அந்த இடைவெளி சுருங்கித் தெரியும். காதின் உயரம் அப்படிச் சுருங்காது. பெரியவர்களுக்குக் காது ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். ஸ்கேன் செய்த படத்தில் அம்மாவின் காது 240 புள்ளி உயரம், அதாவது சென்டிமீட்டருக்கு 40 புள்ளி. அக்காவின் ஜிமிக்கியை அளந்தேன், இரண்டரை சென்டிமீட்டர். ஆக 100 புள்ளி. கடைக்காரர் ஒட்டியது 160 புள்ளி, கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற அளவு!

இரண்டாவது தப்பு பளபளப்பில். கடைக்காரர் ஒரே தோட்டைக் கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பி இரண்டு காதிலும் ஒட்டியிருந்தார். அதனால் ஒரு காதில் இடப்பக்கமும் மறு காதில் வலப்பக்கமும் மின்னியது. அம்மாவின் மூக்கு நிழல் நம் பார்வையில் வலப்பக்கம் விழுகிறது. அப்படியானால் விளக்கு இடப்பக்கம், சற்று உயரத்தில். இரண்டு காதிலும் இடப்பக்கம்தான் மின்ன வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கத்துக்கென்று தனி நிறம் கிடையாது என்றே சொல்லலாம், எதிரில் இருப்பதை அது காட்டுகிறது. விளக்கு விழும் இடத்தில் வெள்ளை, அதை ஒட்டியே கறுப்பு, கழுத்தைப் பார்த்த பக்கத்தில் தோலின் சாம்பல் நிறம். வெள்ளையும் கறுப்பும் இப்படித் திடீரென்று அடுத்தடுத்து வந்தால்தான் உலோகம். மெல்ல மெல்ல மாறினால் மரமணி மாதிரி ஆகிவிடும். இதைக் கையால் வரைய எனக்குத் திறமை போதாது. ஆகவே அக்காவையே அந்த நகையோடு இடப்பக்கம் ஜன்னல் வரும்படி உட்காரவைத்து, அம்மாவைப் போலத் தலையைச் சாய்க்கச் சொல்லி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். முதல் படத்தைப் பெரிதாக்கினால் ஜிமிக்கிக் குடையில் என் வெள்ளை பனியன் தெரிந்தது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி எடுத்தேன்.

கறுப்பு வெள்ளையாக மாற்றியபோது கெம்புக் கற்கள் கருத்துப்போயின, அது சரிதான். அம்மாவின் மறு காது கன்னத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அங்கே தோடு வட்டமாக வராது, பக்கவாட்டில் ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். அதற்கும் அக்காவைத் தனியாக ஒரு படம் எடுத்தேன்.

மூன்றாவது தப்பு நிழல். ஆசிரியர் பொருளின் மேலேயே உள்ள நிழலை 'ஓம்ப்ர் ப்ரோப்ர்' என்றும், அது பிறவற்றின் மேல் போடும் நிழலை 'ஓம்ப்ர் போர்த்தே' என்றும் பிரித்துச் சொல்வார். முதலாவது அக்காவின் படத்தோடு வந்துவிட்டது. இரண்டாவதை அம்மாவின் தோலில் நான்தான் போட வேண்டும்.

தனி அடுக்கு ஒன்றை Multiply முறையில் வைத்துக்கொண்டேன். தோடு மடலைத் தொடுமிடத்தில், விளக்குக்கு எதிர்ப்பக்கம், இரண்டு புள்ளி அகலத்தில் ஒரு கரிய கீற்று. பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் அது இல்லாவிட்டால் தோடு காற்றில் மிதக்கும். ஜிமிக்கி கழுத்திலிருந்து சற்று விலகித் தொங்குவதால் அதன் நிழல் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி, கீழே இறங்கி, ஓரம் மங்கலாக விழ வேண்டும். ஒட்டிய நிழல் கூர்மையாகவும் விலகிய நிழல் மங்கலாகவும் இருக்கும். எவ்வளவு கருமை என்பதற்கு அம்மாவின் மோவாய்க்குக் கீழே உள்ள நிழலை அளவுகோலாக வைத்தேன். அதைவிடக் கருப்பாக எதையும் விடவில்லை.

கடைசியில், நகை மட்டும் படத்தைவிடத் தெளிவாக இருந்து காட்டிக்கொடுத்தது. Gaussian Blur கொஞ்சம் கொடுத்து, பழைய படத்தின் மணல் போன்ற பொரியையும் தூவியபின் அடங்கியது.

தோட்டை எங்கே வைப்பது என்று மட்டும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. துளையின் இடத்தை அந்த வேப்பங்குச்சியே காட்டியது. தோட்டின் நடுவை அதன் மேல் வைத்தேன், குச்சி மறைந்துவிட்டது. மறைத்தபோது மனசு ஒப்பவில்லை. என் படிப்புக்கு அம்மா கொடுத்த ரசீது அது.

கழுத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை. அம்மாவுக்கு மஞ்சள் கயிறு தவிர வேறு இருந்ததில்லை.

படத்தைப் பார்த்த அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் ஜிமிக்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பழைய படத்தை என்ன செய்தாய்?" என்று கேட்டாள்.

பீரோவில் இருக்கிறது என்றேன். "குச்சியோடுதானே? அதை நீ வைத்துக்கொள்" என்றாள்.