மதிப்பெண் குறைந்த பக்கத்தைப் படி



போன கார்த்திகை மாதம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்றுதான் வாயில் வருகிறது, அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. கூடவே அவன் மகள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பி.ஏ. பொருளியல், ஆங்கில வழி, முதலாம் ஆண்டு. "டீச்சர், படிப்பை விட்டுடறேன்னு சொல்றா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

முதல் இன்டர்னல் தேர்வில் அவளுக்கு 50க்கு 11. "என்னை அங்க தெரியாம சேத்துக்கிட்டாங்க டீச்சரம்மா. மத்தவங்களுக்கு எல்லாம் தெரியுது" என்றாள். பிளஸ் டூவில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்த பெண் அவள்.

அன்றைக்கு நான் ஒரு தவறு செய்தேன். அப்துல் கலாமின் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தைக் கையில் கொடுத்து, "படி, தைரியம் வரும்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தவள், "அவர் பெரிய ஆள் டீச்சரம்மா, நான் அப்படி இல்லையே" என்றாள். தைரியத்துக்குக் கொடுத்த புத்தகம் அவளை இன்னும் சிறியவளாக்கி அனுப்பியிருந்தது.

அப்போதுதான் யோசித்தேன். வாழ்க்கை வரலாறு என்றால் ஜெயித்த இடத்தையே நாம் காட்டுகிறோம். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைக்கு வேண்டியது அந்தப் பக்கம் இல்லை. அந்த ஆளுக்கு ஒன்றுமே புரியாமல் இருந்த பக்கமும், மறுநாள் காலையில் அவர் என்ன செய்தார் என்பதும்தான் வேண்டும்.

நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோடு என் படிப்பு முடிந்தது. மகன் வாங்கிக் கொடுத்த சோனியா சோடோமயோர் சுயசரிதையை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். ஆங்கிலத்தில் 'மை பிலவட் வேர்ல்ட்' என்று பெயர், 2013இல் வந்தது. அவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி. பெற்றோர் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர்கள். வீட்டில் ஸ்பானிஷ் பேச்சு. ஒன்பது வயதில் அப்பா இறந்துவிட்டார், அம்மா நர்ஸ் வேலை பார்த்து வளர்த்தார்.

1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே எழுதிய முதல் கட்டுரைக்கு 'சி' கிடைத்தது. பள்ளியில் முதலாக வந்தவருக்கு 'சி'! ஏன் என்று பார்த்ததில் தெரிந்தது: தகவல்களையெல்லாம் சேர்த்து எழுதியிருந்தார், அவற்றை வைத்துத் தான் என்ன வாதம் சொல்கிறார் என்பது கட்டுரையில் இல்லை. தகவலைத் திருப்பிச் சொன்னால் பள்ளியில் போதும். கல்லூரியில் போதாது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

பிறகு இன்னொரு குறையும் தெரிந்தது. ஸ்பானிஷில் பொருளின் பெயர் முதலிலும் அதை விளக்கும் சொல் பெரும்பாலும் பின்னாலும் வரும். ஆங்கிலத்தில் நேர்மாறு. அவர் ஸ்பானிஷ் வரிசையிலேயே ஆங்கிலம் எழுதிக்கொண்டிருந்தார். நம் பிள்ளைகள் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுவதுபோலத்தான். இலக்கணப் புத்தகம் வாங்கினார். கோடை விடுமுறையில் வேலைக்குப் போன இடத்தில், மதிய உணவு நேரத்தில் இலக்கணப் பயிற்சியும் தினம் பத்துப் புதுச் சொற்களும் என்று வைத்துக்கொண்டார். மற்றவர்கள் சின்ன வயதிலேயே படித்து முடித்த கதைப் புத்தகங்களைக் கல்லூரி வயதில் உட்கார்ந்து படித்தார். 1976இல் மிக உயர்ந்த தகுதியோடு பட்டம் வாங்கினார்.

'எனக்கு மூளை இல்லை' என்று நினைத்திருந்தால் அதற்கு மருந்து கிடையாது. 'கட்டுரையில் வாதம் இல்லை, வாக்கிய வரிசை தப்பு' என்று தெரிந்தால் இரண்டுக்கும் வழி இருக்கிறது.

டாரா வெஸ்டோவர் எழுதிய 'எஜுகேட்டட்' என்ற புத்தகம் 2018இல் வந்தது. ஐடஹோ மலைப்பகுதியில் பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்து, பதினேழு வயதில் நேராகப் பல்கலைக்கழகம் போனவர். ஓவிய வரலாற்றுப் பாடத்தில் முதல் தேர்வில் தோற்றார். காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். பாடப்புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தையும் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கூடப் படித்த பெண் சொன்ன பிறகு படித்தார், மதிப்பெண் ஏறியது. மற்றவர்களுக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயம், வீட்டில் சொல்ல ஆளில்லாத பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணை மறுபடி வரச்சொல்லி இந்த இரண்டு கதையையும் சொன்னேன். "உன் விடைத்தாளை எடுத்துக்கிட்டுப் போய், 'எந்த இடத்துல மார்க் போச்சு சார்'னு மட்டும் கேளு. 'ஏன் இவ்வளவு கம்மி'ன்னு கேக்காதே" என்றேன். ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்துவிட்டுப் போய்க் கேட்டாள். அவர் ஒரு கேள்வியைக் காட்டினார். இரண்டு சந்தை முறைகளை ஒப்பிடச் சொன்ன கேள்வி அது. இவள் முதல் பக்கத்தில் ஒன்றைப் பற்றியும் இரண்டாம் பக்கத்தில் மற்றதைப் பற்றியும் எழுதியிருந்தாள். எழுதியது எல்லாம் சரி. ஒப்பிடவே இல்லை. நோட்ஸில் எந்த வரிசையில் இருந்ததோ அதே வரிசை.

"விலையை யார் முடிவு செய்யறாங்க, எத்தனை பேர் விக்கறாங்க, புதுசா ஒருத்தர் நுழைய முடியுமான்னு ஒவ்வொண்ணா எடுத்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுது" என்று அவர் சொல்லிக் கொடுத்தாராம். அடுத்த தேர்வில் 50க்கு 26. பெரிய மதிப்பெண் இல்லை. ஆனால் படிப்பை விடுகிற பேச்சு நின்றது.

இதையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான டீச்சர் இல்லை. சுயசரிதை எழுதுகிறவர்கள் கரையேறியவர்கள். பாதியில் நின்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. அதனால் முயன்றால் எல்லாம் நடக்கும் என்று அந்தப் புத்தகங்களை வைத்துச் சொல்ல முடியாது. அவற்றில் பணம் வருகிற பக்கத்தையும் தேடிப் படியுங்கள். சோடோமயோர் உதவித்தொகையில் படித்தவர். வெஸ்டோவருக்கு அரசு உதவித்தொகை கிடைத்த பிறகுதான் பணக்கவலை விட்டுப் பாடத்தில் மனம் நின்றது. நம் பெண்ணிடம் விசாரித்தால், அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை. தனக்குக் கிடைக்காது என்று அவளே முடிவு செய்திருந்தாள். அதற்கும் அப்பாவும் மகளும் கல்லூரி அலுவலகம் போய்வந்தார்கள்.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இருக்கிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியர். சேலம் இராமசுவாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, தான் படித்த நூல்களை வரிசையாகச் சொன்னார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார். படித்ததில்லை. அதை அவர் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பிறகு பாடம் புரிவதற்காகச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுக் கற்று, 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். வேலையில் இருக்கிற ஆசிரியர், தெரியாது என்று ஒப்புக்கொண்டு போய்க் கேட்ட கதை அது.

'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தையும் அவளிடம் திரும்பக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு பக்கத்தில் அடையாளம் வைத்துக் கொடுத்தேன். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போய், எட்டுப் பேரை எடுத்த இடத்தில் கலாம் ஒன்பதாவதாக நின்ற பக்கம்.

உங்கள் வீட்டிலும் முதல் தலைமுறைப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தால், மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். விடைத்தாளை வாங்கிப் பார்த்தாயா என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்